பத்தாவது முடிச்சு

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை மூடுகிறோம், எப்போது திறப்போம் என்று சொல்ல முடியாது என்று வாத்தியார் சொன்னதும் கைதட்டிக்கொண்டு தெருவில் ஓடினோமே, அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது பதினெட்டு, பத்தொன்பது ஆகியிருக்கும். சிலர் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறீர்கள். இருவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. எனக்கு மட்டும் கிழவனைப் போலப் பழையதை எழுதி வைக்கும் கிறுக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். அதனால் வந்த கிறுக்காக இருக்கலாம்.

உங்கள் தம்பி தங்கைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்விதான் இதில் இருக்கிறது. இத்தனை ஆறுகள் போய் விழுந்தும் கடல் ஏன் வழிவதில்லை? நான் அதைக் கேட்டேன். கேட்டதால் என் அப்பாவின் வேலை போகவிருந்தது.

அந்த ஐப்பசியில் நான் ஏரலுக்குப் போயிருந்தேன். அப்பாவின் அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அடைமழை பெய்து ஆற்றில் வெள்ளம். தாமிரபரணி செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு வைக்கோல் போர் உருக்குலையாமல் அப்படியே மிதந்து போனது. அதன் உச்சியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"அத்தை, இந்தத் தண்ணி எங்க போவுது?"

"எங்க போகும்? புன்னைக்காயல் பக்கம் போய்க் கடல்ல விழும்."

"ராத்திரியும் விழுமா?"

"பின்ன, ராத்திரி நின்னு தூங்கிட்டா போகும்? கேக்கான் பாரு கேள்வி!"

அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் அறுபது காலடி தூரம். நான் எண்ணியிருக்கிறேன். வீட்டில் ஒரு குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுச் சற்று அசந்தால் வழிந்துவிடும், அம்மாவின் கையால் முதுகில் ஒன்று விழும். இந்த ஆறோ ராப்பகலாக விழுந்துகொண்டிருக்கிறது. இதைப் போல உலகத்தில் எத்தனை ஆறுகள்! கடல் இன்னும் வழியாமல் இருப்பதில் ஏதோ சூது இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

என் அப்பா சங்கு குளிப்பவர். காலுக்கு ஒரு கல், இடுப்புக்கு ஒரு கயிறு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடலின் அடி வரைக்கும் போய்வருபவர். கடலின் அடியைப் பார்த்தவரிடம் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் அல்லவா?

"அப்பா, அடியில எங்கனயாவது ஓட்டை இருக்கா?"

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஓட்டை இருந்தா நான் திரும்பி வருவனாலே? என்னையும்லா இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அப்ப அடியில என்னதான் இருக்கு?"

"மணலு. அங்கங்க பாறை. சங்கு ஊர்ந்து போவும். போய்ச் சோலியப் பாருலே."

ஓட்டை இல்லை. அப்படியானால் கடல் ஒருநாள் நிரம்பியே தீரும். இது பெரியவர்களுக்குத் தெரியும், நம்மிடம்தான் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று அன்று முடிவு செய்தேன்.

மறைக்கிறார்கள் என்பதற்கு ஒவ்வொரு அடையாளமாக வர ஆரம்பித்தது. உங்களுக்கு நினைவிருக்கும். துறைமுகத்து ஆபீஸ் வாசலில் ஆள் உயரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். தெற்குத் தெருவில் குழி வெட்டினார்கள். வண்டி கட்டிப் பாத்திரங்களையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு சனங்கள் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் போனார்கள். ஒருவர்கூடக் கடற்கரை ஊருக்குப் போகவில்லை. எல்லோரும் மேட்டுப் பக்கமே போனார்கள். அபாயச் சங்கு ஊதினால் ஓடவேண்டும் என்று தெருவில் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டால், "உனக்கெதுக்குலே அதெல்லாம்?" என்றார்கள்.

மணல் மூட்டை எதற்கு? தண்ணீரைத் தடுக்கத்தானே! ஏரலில் வெள்ளத்தன்று வாய்க்கால் உடைப்பில் மணல் மூட்டைகளைத்தான் போட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன். நமக்குச் சொன்னது யுத்தம் என்ற ஒரு வார்த்தை. யுத்தம் எங்கேயோ பர்மாவில் நடக்கிறது என்றுதான் வாத்தியார் சொல்லியிருந்தார். பர்மா யுத்தத்துக்குத் தூத்துக்குடியில் எதற்கு மணல் மூட்டை?

ஒரு சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, இவன மட்டுமாவது ஏரலுக்கு அனுப்பிருவோம்."

"நீங்க?"

"எனக்குப் பாஸ் இருக்குற வரைக்கும் கடலுக்குப் போவணும்லா. வயிறு இருக்கே."

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அம்மா அரிசியைப் புடைப்பது போலச் சுளகை எடுத்தாள். அதில் அரிசியே இல்லை.

அந்த வெற்றுச் சுளகைப் பார்த்த நிமிஷத்தில்தான் கடலை நானே அளப்பது என்று தீர்மானித்தேன்.

அப்பா கழித்துப் போட்ட குளிக்கயிறு ஒன்று வீட்டின் பின்புறம் கிடந்தது. கடலில் ஆழத்தைக் கயிற்றால் பார்ப்பதுதான் நம் ஆட்களின் வழக்கம். அவர்கள் பாகம் கணக்கில் அளப்பார்கள். கையை இரண்டு பக்கமும் விரித்தால் ஒரு பாகம். எனக்கு அது போதாது என்று சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டேன். அம்மாவின் சாண், என்னுடையது சிறியது. நுனியில் ஒரு வலைக்கல். தோணித் துறையின் கடைசிப் படிக்கு அருகே கல்லை இறக்கி, தண்ணீர் எந்த முடிச்சு வரைக்கும் நனைக்கிறது என்று பார்த்தேன். துறையின் மேல்படி பத்தாவது முடிச்சுக்கு நேராக வந்தது. பத்தாவது முடிச்சு நனைந்தால் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வாத்தியார் எனக்குப் பரிசாகக் கொடுத்திருந்த நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் காலையில் ஆறு முடிச்சு. பத்து மணிக்கு எட்டு. இரண்டே முடிச்சுதான் பாக்கி! சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்ணீர் தானாக இறங்கி ஐந்தரை முடிச்சுக்குப் போனது. அப்புறம் மறுபடி ஏறியது.

தண்ணீர் தினம் ஏறி வற்றுவது கடற்கரையில் பிறந்த நமக்குத் தெரியாததா? ஆனால் முன்பு அது வெறுமனே கண்ணில் பட்டுப்போகும் காரியம். கயிறும் நோட்டும் வந்த பிறகுதான் அதற்கு ஒரு கணக்கு இருப்பது தெரிந்தது. ஒரு நாளில் இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை வற்றம். இன்று பத்து மணிக்கு உச்சிக்கு ஏறினால் நாளை பத்தே முக்காலுக்கு, நாளை மறுநாள் பதினொன்றரைக்கு. சில நாள் முக்கால் மணி தள்ளிவரும், சில நாள் ஒரு மணி. அமாவாசையை ஒட்டி அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். பிறை பாதியாகத் தெரியும்போது ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. சந்திரன் தினமும் தாமதித்து உதிப்பதற்கும் தண்ணீர் தாமதிப்பதற்கும் ஏதோ உடந்தை என்று சந்தேகப்பட்டேன். பிற்பாடு பாடப் புத்தகத்தில் படித்தேன், அது சரியான சந்தேகம்தான். சந்திரனும் கொஞ்சம் சூரியனும் கடலை இழுக்கின்றன. அப்படி இழுப்பதால் புதிதாகத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்வதில்லை. இருக்கிற தண்ணீரே ஓர் இடத்தில் குவிந்து இன்னோர் இடத்தில் தாழ்கிறது. தொட்டிலில் வைத்த சட்டித் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைவது போல.

மணி பார்க்க எனக்கு ஒரே இடம்தான் உண்டு. நம் தெரு முனையில் பலசரக்குக் கடை அண்ணாச்சி. அவர் கடைச் சுவரில் மஞ்சள் முகத்துக் கடிகாரம் தொங்கும். நான் துறையிலிருந்து ஓடி வருவேன். கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒன்றும் வாங்காமல் திரும்பி ஓடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் தலைக்குத் தகரத் தொப்பியும் கைக்குப் பட்டையும் கொடுத்து, தெருவைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் என்று நியமித்திருந்தார்கள். தொப்பி வந்த நாளிலிருந்து அவர் பார்வையே மாறிவிட்டது. புளி கட்டும்போதுகூட யாரையோ பிடிக்கப்போகிறவரைப் போல இருப்பார்.

"என்னலே, கடிகாரத்த விலைக்கு வாங்கப் போறியா?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா மணி பாத்தேன்."

"நாலு நாளா பாக்கேன், சும்மாவே பாக்க. உங்கப்பன் எப்ப கடலுக்குப் போறான், எப்ப வாரான்?"

எனக்குத் திகைப்பாக இருந்தது. இவர் எதற்கு அப்பாவைக் கேட்கிறார்? கடல் வரப்போவது இவருக்கும் தெரியும் போல, எங்களுக்கு முன்னால் தோணியில் இடம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தாள். மத்தியானம் கஞ்சி கொண்டுபோவது என் வேலை. கடல் தண்ணீரை வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து பாத்திகளில் கட்டி நிறுத்துவார்கள். சில நாளில் தண்ணீர் காணாமல் போய்விடும். வெள்ளை உப்பு கண் கூசும்படி கிடக்கும். அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் சுரீரென்று உறைத்தது. பாத்தித் தண்ணீர் எங்கே போனது?

"எம்மா, இந்தத் தண்ணிய யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? வெயிலு எடுத்துட்டுப் போச்சு."

"கீழ மண்ணுல இறங்கியிருக்கும். இல்லன்னா அளத்துக்காரரு ஆளவிட்டு எறச்சிருப்பாரு."

"ஆமா, எங்க அளத்துக்காரரு உப்புத் தண்ணியக் குடிச்சுட்டு ஏப்பம் விடுதாரு! கஞ்சிய வச்சுட்டு நெழலுக்குப் போலே."

அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. அந்த நாட்களில் யார் சொன்னதையும் நம்பவில்லை. இரண்டு புதிய மண்சட்டிகளை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் ஓட்டின் வழியே கசியக்கூடாது என்று உள்ளே மெழுகு தடவினேன். இரண்டிலும் ஒரே அளவு கடல் தண்ணீர். ஒன்றைத் திறந்து வைத்தேன். மற்றொன்றைக் கண்ணாடித் துண்டால் மூடி ஓரங்களில் களிமண் பூசினேன். இரண்டையும் அளத்து வேலியோரம் வெயிலில் வைத்தேன். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க நெல்மணிதான் அளவு.

திறந்த சட்டியில் ஒரு நாளைக்கு ஒரு நெல்மணி நீளம் இறங்கியது. காற்று வேகமாக அடித்த நாளில் இன்னும் கொஞ்சம் கூட. மூடிய சட்டியில் இறங்கவே இல்லை. ஆனால் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாகத் துளிகள் நின்றன. கண்ணாடியைப் புரட்டி ஒரு துளியை நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. இன்னொன்றை வைத்தேன். அதிலும் உப்பு இல்லை. அடியிலிருந்தது கடல் தண்ணீர். மேலே ஒட்டியிருந்தது கிணற்றுத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்! பன்னிரண்டாம் நாள் திறந்த சட்டியின் அடியில் உப்பு மட்டும் பூத்துக் கிடந்தது.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. வெயிலும் காற்றும் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துப் போகின்றன. உப்பை மட்டும் விட்டுவிடுகின்றன. சட்டியில் நடப்பது பாத்தியில் நடக்கிறது. பாத்தியில் நடப்பது கடல் முழுவதிலும் நடக்கத்தானே வேண்டும்? அவ்வளவு பெரிய கடலின் முகம் முழுவதிலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அது எத்தனை தாமிரபரணி!

உடனே புதிய பயம் பிடித்தது. அப்படியானால் கடல் வற்றிப்போக வேண்டுமே? ஒரு பயம் வழியும் என்றது, ஒரு பயம் வற்றும் என்றது. வேலியோரம் உட்கார்ந்து மூடிய சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஒரு துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்து பெரிதாகி, கனம் தாங்காமல் கீழே சட்டிக்குள்ளேயே விழுந்தது.

ஏரலில் பெய்த அடைமழை நினைவுக்கு வந்தது.

இன்று படித்தவனாக இதைச் சரியாகச் சொல்கிறேன். கடலிலிருந்து ஆவியாக ஏறிய தண்ணீர் மேலே குளிர்ந்து மேகமாகிறது. அதில் பெரும்பங்கு மழையாகக் கடலிலேயே திரும்ப விழுந்துவிடுகிறது. மீதியைக் காற்று நிலத்துக்குக் கொண்டுபோகிறது. அது பொதிகை மலையிலும் ஊர்களிலும் பெய்து, மண்ணில் ஊறி, மரம் குடித்து, மிஞ்சியது ஆறாகத் திரும்புகிறது. ஆகவே ஆறு கொண்டுவருவது புதிய தண்ணீர் இல்லை. கடல் கொடுத்தனுப்பியதுதான் திரும்பி வருகிறது. போவதும் வருவதும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் கடல் வழிவதுமில்லை, வற்றுவதுமில்லை. குளிர்ந்த தேசங்களில் நிலத்தின்மேல் பனிக்கட்டியாகத் தங்கும் தண்ணீர் மிகுந்தால் கடல் சற்று இறங்கும். அது உருகினால் சற்று ஏறும். ஆறுகள் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கரைத்துவரும் துளி உப்பு மட்டும் கடலைவிட்டு ஆவியாகப் போக முடியாமல் தங்கிவிடுகிறது. நம் கடல் கரிப்பதற்கு அதுவே முக்கியமான காரணம்.

இவ்வளவையும் அன்று நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு சட்டிகளை வரைந்து, "கண்ணாடி = வானம்" என்று எழுதினேன். அவ்வளவுதான். ஆனாலும் அந்த மணல் மூட்டைகள் இருக்கும் வரை என் பயம் முழுவதும் போகவில்லை.

அதை எழுதிய மறுநாள் துறையில் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது என் பிடரியில் ஒரு கை விழுந்தது. அண்ணாச்சி. தகரத் தொப்பி வெயிலில் மின்னியது.

"ஆழம் பாக்கியா? யாருக்குலே பாக்க?"

நோட்டைப் பிடுங்கினார். புரட்டினார். மணி, முடிச்சு, மணி, முடிச்சு. பக்கம் பக்கமாக. பிடித்தவருக்கே பயம் வந்துவிட்டது.

அன்று பிற்பகலே துறைமுகத்து ஆபீஸில் நின்றோம். நான், அப்பா, அண்ணாச்சி. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. நம் ஊர்க்காரர் இல்லை, பேச்சில் தெரிந்தது. அவர் முதலில் அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா மடியிலிருந்து எண்ணெய்த் துணியைப் பிரித்து, கடலுக்குப் போகும் பாஸை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதை மேஜையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அந்தச் சாவி திரும்பிய சத்தத்தை எங்கள் வீட்டு உலைமூடி விழுந்த சத்தமாக இப்போதும் கேட்கிறேன். பாஸ் இல்லாமல் கடலில் இறங்கினால் சிறை.

"தோணித் துறையின் ஆழத்தை மணிவாரியாக எழுதியிருக்கு. எழுதச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லல்ல ஐயா. நானாத்தான்."

"எதுக்கு?"

"கடல் எப்ப வழியும்னு பாக்க."

அண்ணாச்சி குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. நான் எழுத்து வாசன தெரியாதவன். இவன் பள்ளிக்கூடத்துப் புள்ள. இவன் என்ன எழுதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அது உண்மைதான். ஆனாலும் அப்பா என்னிடமிருந்து ஓரடி விலகி நின்றது போல எனக்குப் பட்டது. என் சந்தேகம் அவரையும் விடவில்லை. கடல் வரும்போதும் இப்படித்தான் விலகி நிற்பாரோ?

அதிகாரி அலமாரியைத் திறந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்தார். நோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிப் பார்த்தார். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணி ஏறும்னு முன்கூட்டியே அச்சடிச்ச புத்தகம் இது. யுத்தம் முடியறவரைக்கும் வெளியே காட்டக் கூடாது. உன் மகன் எழுதின மணியும் இதில இருக்கிற மணியும் கால் மணி வித்தியாசத்தில ஒத்துப்போகுது. பதினோரு வயசுப் பையன் கயித்தால அளந்து இப்படி எழுத முடியாது. இதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கான். காட்டினது யார்?"

சரியாக அளந்ததே என் குற்றமாகிவிட்டது. தப்பாக அளந்திருந்தால் காதைத் திருகி அனுப்பியிருப்பார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. கூடவே அந்தப் புத்தகத்தின்மேல் ஒரு சந்தேகமும் வந்தது. வராமல் இருக்குமா? கடல் நாளைக்கு என்ன செய்யும் என்று போன வருஷமே அச்சடித்தவர்களை எப்படி நம்புவது?

"ஐயா, அமாவாச கழிஞ்சு அஞ்சாம் நாளு, ஆறாம் நாளு அதுல எவ்வளவு போட்டிருக்கு?"

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். பார்த்தார். "முந்தின நாளைவிடக் குறைவு. ஆறாம் நாள் அதைவிடக் குறைவு."

"என் நோட்டுல?"

அவர் நோட்டைப் பார்த்தார். நாலாம் நாள் ஏழே முக்கால் முடிச்சு. ஐந்தாம் நாள் எட்டு. ஆறாம் நாள் எட்டுக்குமேல் மூன்று விரல். குறைய வேண்டிய இடத்தில் கூடியிருந்தது.

"அந்த ரெண்டு நாளும் கொண்டல் காத்து ஐயா," என்றேன். "கடல்லருந்து கரையப் பாத்து ஓயாம அடிச்சுது. தண்ணியத் தள்ளிக்கிட்டு வந்து துறையில ஏத்திட்டு. காத்து நின்னதும் எறங்கிட்டு. காத்து எப்ப அடிக்கும்னு புத்தகத்துக்கு எப்படித் தெரியும்? நான் பாத்து எழுதியிருந்தா புத்தகத்துல உள்ளதத்தான எழுதியிருப்பேன்?"

அதிகாரி மறுபடி நோட்டைப் பார்த்தார். பிறகு எதிர்பாராத இடத்திலிருந்து குரல் வந்தது.

"கொண்டல் அடிச்சது நெசந்தான் ஐயா," என்றார் அண்ணாச்சி. "என் கடை முன்னால போட்டிருந்த தட்டி பிச்சுக்கிட்டுப் போயிட்டு. மூணு வீடு தள்ளி ஓட்டுமேல கெடந்து எடுத்தேன். அன்னைக்கும் இவன் கடிகாரம் பாக்க வந்தான். ‘தட்டி பறந்துட்டு, பிடிலே'ன்னேன். நேரமாச்சுன்னு ஓடிட்டான் பாவிப்பய." தொப்பியைக் கழற்றினார். "தண்ணி படியில ஏறி நின்னதயும் பாத்தேன்."

அதிகாரி நோட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். இரண்டு சட்டிகளின் படத்தில் நின்றார். நெல்மணிக் கணக்கை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "கண்ணாடி = வானம்" என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடல் வழியும்னு உனக்கு ஏன் தோணிச்சு?"

"வாசல்ல மணல் மூட்டை அடுக்கியிருக்கே. எல்லாரும் மேட்டுக்கு ஓடுதாங்களே."

அப்போதுதான் அப்பா முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது கடலுக்கு இல்லலே," என்றார். "ஏரோப்பிளான்ல வந்து குண்டு போட்டுட்டா, அதுக்கு. நீ பயந்துருவன்னுதான் உன்கிட்டச் சொல்லல்ல."

நான் இத்தனை நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. பயப்படுவேன் என்று அவர்கள் மறைத்தார்கள். மறைத்ததால்தான் ஒரு கடலையே பயமாக வளர்த்து வைத்திருந்தேன்.

அதிகாரி இழுப்பறையைத் திறந்தார். பாஸை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். நோட்டைத் தரவில்லை. சவர பிளேடால் மணியும் முடிச்சும் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றையும் அறுத்தெடுத்துப் புத்தகத்தோடு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சட்டிப் பக்கத்தை மட்டும் என்னிடம் கொடுத்தார். "இதை வச்சுக்க. இது ரகசியம் இல்லை," என்றார். அவருடைய சந்தேகம் முழுவதும் போயிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிகாரர்கள் தோணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா தோளில் கிடந்த என் முடிச்சுக் கயிற்றை எடுத்து, எல்லோரும் பார்க்க என் கையில் கொடுத்தார்.

"அளந்து பாரு."

"ஐயா வைவாரு அப்பா."

"எழுதத்தான கூடாது? பாக்கதுக்கு என்ன? இனி எவன் கேட்டாலும் எங்கப்பா சொல்லித்தான் பாக்கேன்னு சொல்லு. ஐயா கேட்டாலும் அதையே சொல்லு."

தோணி நகர்ந்தது. நான் கல்லை இறக்கினேன். தண்ணீர் ஏழாவது முடிச்சைத் தாண்டி இரண்டு விரல் நனைத்திருந்தது. பத்தாவது முடிச்சு எப்போதும் போலக் காய்ந்தே இருந்தது.

நோட்டு இல்லாததால் அந்த அளவை அன்று எங்கும் எழுதவில்லை. இத்தனை வருஷம் மனசிலேயே வைத்திருந்தேன். யுத்தம் முடிந்துவிட்டது. இப்போது எழுதிவிட்டேன்.